சேவியர் ஒருவரா, இருவரா? வாடிக்கையாளர் பதிவுகளை ஒன்று சேர்க்கும் கணக்கு

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஒரு பெண் சர்வீஸ் கவுன்டருக்கு வந்தார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, வாரண்டி இருக்கிறது என்றார். கவுன்டரில் இருந்த அக்கா போன் எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரையில் ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தார், பெயர் ஜெபசெல்வன். வாங்கி மூன்று வருடமான ஃபிரிட்ஜ் ஒன்று மேலே இருந்தது, வாரண்டி முடிந்துவிட்டது என்று சிவப்பில் காட்டியது. விசிட் சார்ஜ் கேட்டார்கள். வந்தவரின் பெயர் ஜெபசெல்வி.

இரண்டு நாள் கழித்துத்தான் அது என் காதுக்கு வந்தது. அந்தக் கடையின் பதிவுகளை ஒன்று சேர்த்துக் கொடுத்தது நான். அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "தம்பி, இது அண்ணனும் தங்கச்சியும். ரெண்டு பேரும் அப்பாக்க நம்பரத்தான் குடுத்திருக்கினும். நீங்க ஒரே ஆளா ஆக்கிப் போட்டீங்க."

அந்த ஒரு தவறை வைத்தே இந்த விஷயம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். பெயர்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். கணக்கு புரிவதற்காக அளவுகளையும் முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

கடைக்கு நாகர்கோவிலில் ஒரு கிளை, மார்த்தாண்டத்தில் ஒரு கிளை. இரண்டு இடத்திலும் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்றுதான், அதில் 12,000 பேர் இருக்கிறார்கள். சர்வீஸ் பிரிவுக்குத் தனி சாஃப்ட்வேர், அதில் 8,000 பேர். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. பில்லில் இருக்கும் ஆள் சர்வீஸிலும் இருப்பார், ஆனால் வேறு எழுத்தில், வேறு எண்ணில். யார் யார் ஒரே ஆள் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே எண் கொடுத்து, எந்த சாஃப்ட்வேர் கேட்டாலும் அந்த ஆளின் சரியான பெயர், முகவரி, போன் இதுதான் என்று சொல்லும்படி வைத்திருப்பதுதான் மாஸ்டர் டேட்டா மேனேஜ்மென்ட். சப்ளையர், பொருள் பட்டியல் என்று எதற்கும் இதைச் செய்யலாம். ஆனால் சிக்கல் அதிகம் வருவது மனிதர்களிடம்தான். அதில் கடினமான பகுதி, இரண்டு பதிவும் ஒரே ஆளா என்று தீர்மானிப்பது. அதற்கு ரெக்கார்டு மேட்சிங், ரெக்கார்டு லிங்கேஜ் என்று பெயர்கள் உண்டு.

முதலில் பெயரைப் பார்ப்போம். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அங்கேதான் தொடங்கினேன்.

பில்லில் `S. XAVIER`, சர்வீஸில் `SEVIYAR S`. நம் கண்ணுக்கு இது ஒரே சேவியர். ஆனால் கணினி எழுத்தை மட்டும்தான் பார்க்கும். இரண்டு சொல் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று 0 முதல் 1 வரை ஒரு அளவு கொடுக்கும் முறைகள் உண்டு. பெயர்களுக்கு அதிகம் பயன்படுவது ஜேரோ-விங்க்லர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் பதிவுகளை ஒப்பிடப் பிறந்த முறை அது. பொதுவான எழுத்துகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வருகின்றனவா என்று பார்க்கும், தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருந்தால் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். இனிஷியலை எடுத்துவிட்டு `XAVIER`, `SEVIYAR` இரண்டையும் அதில் போட்டால் 0.64 வருகிறது. V, I, R மூன்று எழுத்து மட்டும் பொருந்துகிறது. `JEBASELVAN`, `JEBASELVI` போட்டால் 0.94. ஒரே ஆளுக்கு 0.64, அண்ணன் தங்கைக்கு 0.94! 0.92-க்கு மேல் வந்தால் பெயர் ஒன்றுதான் என்று நான் வைத்திருந்தேன். ஆங்கிலப் பெயர்களுக்கு அந்த அளவு நன்றாகவே வேலை செய்யும். பிள்ளைகளுக்கு ஜெப, அருள், செல்வ என்று ஒரே தொடக்கம் வைக்கும் வீடுகள் நிறைந்த ஊரில், தொடக்க எழுத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் முறை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒலியை வைத்து ஒப்பிடும் பழைய முறை ஒன்றும் உண்டு, சவுண்டெக்ஸ். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக மாற்றும். நம் சேவியர் அதில் `X160`, `S160` என்று வருகிறார். எண்கள் ஒன்றுதான், ஆனால் முதல் எழுத்து வேறு, அதனால் பொருந்தவில்லை. இவ்வளவு பக்கத்தில் வந்து கைவிட்டுவிடுகிறது.

நமக்குத் தேவை, ஆங்கில எழுத்தில் தட்டிய பெயரை மறுபடி தமிழ் எழுத்தின் ஒலிக்குக் கொண்டுவருவது. தமிழில் க என்ற ஒரு எழுத்துதான் K, G இரண்டுக்கும். த, ட இரண்டும் T, TH, D, DH என்று எப்படியும் வரும். ச என்பது S, CH, சில சமயம் X. எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், எல்லைக்கு அந்தப் பக்கமும் சொந்தம் இருக்கிற ஊர். ஆகவே `SRIKUMAR` என்றும் வரும், `SREEKUMAR` என்றும் வரும். குழித்துறையை `KUZHITHURAI`, `KUZHITHURA`, `KULITHURAI` என்று மூன்று விதமாகவும் பில்லில் பார்த்திருக்கிறேன். இந்த வேறுபாடுகளை எல்லாம் அழித்துவிட்டு, உயிரெழுத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு ஒலிச் சாவி.

```python
import re

RULES = [
    (r"^X", "S"), (r"ZH", "L"), (r"CK", "K"),
    (r"[TD]H", "T"), (r"[CS]H", "S"),
    (r"D", "T"), (r"G", "K"), (r"B", "P"),
    (r"J", "S"), (r"W", "V"),
    (r"[AEIOUYH]", ""), (r"(.)\1+", r"\1"),
]

def sound_key(name):
    s = re.sub(r"[^A-Z]", "", name.upper())
    for pat, rep in RULES:
        s = re.sub(pat, rep, s)
    return s
```

இதில் `XAVIER`, `SEVIYAR` இரண்டும் `SVR` ஆகின்றன. மூன்று குழித்துறையும் `KLTR`. தக்கலையை `THUCKALAY` என்று எழுதினாலும் `TAKKALAI` என்று எழுதினாலும் `TKL`. ஜெபசெல்வன் `SPSLVN`, ஜெபசெல்வி `SPSLV`, அண்ணனும் தங்கையும் பிரிந்துவிட்டார்கள். இனிஷியலை மட்டும் முன்பே தனியாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும், அது முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும்.

இந்தச் சாவிக்கும் ஒரு எல்லை உண்டு. `SUSEELA`, `SHEELA` இரண்டும் இதில் `SL` ஆகிவிடும். `SELVI`, `SELVA` இரண்டும் `SLV`. அதனால் சாவி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக யாரையும் சேர்க்கக்கூடாது. யார் யாரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பொறுக்கி எடுக்கத்தான் அது. 12,000 பேரை 8,000 பேரோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 9 கோடியே 60 லட்சம் ஜோடிகள் வரும். ஒலிச் சாவியும் பின்கோடும் ஒன்றாக இருக்கும் ஜோடிகள், போன் ஒன்றாக இருக்கும் ஜோடிகள் என்று இரண்டு வழியில் பொறுக்கினால் பார்க்க வேண்டியவை மிகவும் குறைந்துவிடும். இதை பிளாக்கிங் என்பார்கள். ஒரே வழியில் பொறுக்கினால் போன் மாற்றியவர்களோ வீடு மாற்றியவர்களோ மொத்தமாக விட்டுப்போவார்கள், அதனால் இரண்டு வழியாவது வேண்டும். பொறுக்கிய பிறகு பெயரை மறுபடி நிதானமாக, உயிரெழுத்தோடு சேர்த்துப் பார்த்து, பொருந்துகிறதா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும்.

சரி, பெயர் பொருந்துகிறது. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

அடிப்படைக் கருத்து இங்கேதான் இருக்கிறது. ஐவன் ஃபெலெகி, ஆலன் சன்டர் என்ற கனடா நாட்டுப் புள்ளியியலாளர்கள் இருவர் 1969-இல் இதற்கு ஒரு முறையான கணக்கு எழுதினார்கள். இன்றைக்கும் பல மேட்சிங் சாஃப்ட்வேர்களுக்குள்ளே ஓடுவது அதன் ஏதோ ஒரு வடிவம்தான். கருத்து எளியது. ஒரு விவரம் பொருந்துகிறது என்றால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இருவரும் உண்மையில் ஒரே ஆளாக இருந்தால் இது பொருந்த எவ்வளவு வாய்ப்பு? இருவரும் வேறு வேறு ஆளாக இருந்தும் தற்செயலாகப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்தப் பொருத்தத்தின் பலம் கிடைத்துவிடும்.

பின்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஒன்றாக இருக்கும், மற்றபடி வீடு மாறியிருப்பார் அல்லது தவறாகத் தட்டியிருப்பார்கள். கடைக்கு வருபவர்களில் இருபதில் ஒருவர் 629163-இலிருந்து வருகிறார் என்றால், சம்பந்தமில்லாத இருவருக்கும் அது பொருந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. 90-ஐ 5-ஆல் வகுத்தால் 18 மடங்கு. போன் எண் என்றால் ஒரே ஆளுக்குப் பொருந்த நூற்றுக்கு 80, சம்பந்தமில்லாதவர்களுக்குத் தற்செயலாகப் பொருந்த இருபதாயிரத்தில் ஒன்று. வகுத்தால் 16,000 மடங்கு.

இந்த மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம். பெருக்குவதை விடக் கூட்டுவது எளிது என்பதால், இரண்டால் எத்தனை முறை பெருக்கினால் அந்த மடங்கு வரும் என்று மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்வார்கள். ஒரு மதிப்பெண் கூடினால் அந்த மடங்கு இரட்டிப்பாகும். பின்கோட்டுக்கு ஏறக்குறைய 4.2, போனுக்கு 14. பொருந்தாவிட்டால் கழிக்க வேண்டும். போன் பொருந்தவில்லை என்றால் 2.3 கழியும். அவ்வளவுதான், ஏனென்றால் ஜனங்கள் எண்ணை மாற்றுகிறார்கள்.

பெயரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாப் பெயருக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது. கடைப் பட்டியலில் ஐம்பதில் ஒருவர் அந்தோணி என்றால், அந்தோணியும் அந்தோணியும் பொருந்துவதற்கு 5.5 மதிப்பெண்தான். இரண்டாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் பொருந்தினால் 10.8. குளச்சல் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் எந்தப் பெயர் அதிகம் என்பதே மாறும், அதனால் எண்ணிக்கையை உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். வேறு ஊரில் செய்த சாஃப்ட்வேர் கொடுக்கும் பட்டியல் இங்கே உதவாது. இனிஷியலும் அப்படித்தான். S நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. அத்தோடு கல்யாணமானால் பெண்களில் பலருக்கு இனிஷியல் அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறிவிடும். பெண்களின் பதிவில் இனிஷியல் பொருந்தாததற்கு அதிகம் கழித்தால், கல்யாணமான பெண்கள் எல்லோரும் இரண்டிரண்டு பேராகவே நிற்பார்கள்.

இன்னொன்று, எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது. 9.6 கோடி ஜோடிகளில் உண்மையில் ஒரே ஆள் ஒரு 5,000 ஜோடி இருக்கலாம். அதாவது கண்ணை மூடி ஒரு ஜோடியை எடுத்தால் அது சரியாக இருக்க வாய்ப்பு 19,200-இல் ஒன்று. மதிப்பெண்ணில் சொன்னால் ஒவ்வொரு ஜோடியும் 14.2 கடனோடு தொடங்குகிறது. அந்தக் கடனை அடைத்த பிறகு மிஞ்சுவதுதான் நம்பிக்கை.

இப்போது சேவியரைப் போட்டுப் பார்ப்போம். பில்லில் போன் 4417-இல் முடிகிறது, சர்வீஸில் 9082. இரண்டிலும் 629163, இரண்டிலும் வீட்டு முகவரியில் ஒரே விளையின் பெயர். எங்கள் மேற்குப் பகுதியில் தெருப்பெயரும் கதவு எண்ணும் முகவரியில் பெரிதாக வராது. இந்த விளை, இந்தத் தோட்டம், இன்ன சர்ச் பக்கம் என்றுதான் எழுதுவார்கள். அந்த விளை கடைப் பட்டியலில் நானூறில் ஒருவருக்கு வருகிறது, ஒரே ஆளாக இருந்தால் நூற்றுக்கு 60 முறை பொருந்தும். மதிப்பெண் 7.9. விளை பொருந்திவிட்டால் பின்கோட்டுக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது, அது விளைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

```
பெயர் (100-இல் 1)      +6.5
இனிஷியல் S            +2.4
விளை                  +7.9
போன் பொருந்தவில்லை     -2.3
தொடக்கக் கடன்         -14.2
--------------------------
மிச்சம்                +0.3
```

மிச்சம் 0.3 என்றால் ஒன்றுக்கு ஒன்று என்பதை விடக் கொஞ்சம் அதிகம், நூற்றுக்கு 55. இதைச் சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. ஃபெலெகி, சன்டர் முறையிலேயே மூன்று முடிவு உண்டு: சேர், சேர்க்காதே, ஆளிடம் காட்டு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் விழுவதை மனிதர் பார்க்க வேண்டும். சேவியர் நடுவில் விழுகிறார்.

இனி என் தவறுக்கு வருகிறேன். ஜெபசெல்வன், ஜெபசெல்வி. போன் ஒன்று, +14. பின்கோடு ஒன்று, +4.2. அப்பா ஒருவர் என்பதால் இனிஷியலும் ஒன்று, +2.4. பெயர் 0.94 என்று வந்ததால் பொருந்துகிறது என்று எடுத்து +6. மொத்தம் 26.6, கடன் போக 12.4. ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் உறுதி என்று கணக்கு சொல்லியது. கேள்வியே இல்லாமல் சேர்த்துவிட்டது.

பெயர் ஒப்பீட்டைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தேன். ஒலிச் சாவியோடு பார்த்தால் பெயர் பொருந்தவில்லை, +6 போய் -3.3 வந்தது. மொத்தம் 17.3, கடன் போக 3.1. இன்னமும் எட்டுக்கு ஒன்றுக்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு 90. பெயரே வேறு என்று தெரிந்த பிறகும் ஒரே ஆள் என்கிறது!

காரணம் பெயரில் இல்லை. மடங்குகளைப் பெருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விவரங்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் போன், பின்கோடு, இனிஷியல் மூன்றும் தனித்தனியாகத் தற்செயலாகப் பொருந்தவில்லை. ஒரே வீடு என்ற ஒரே காரணத்தால் மூன்றும் பொருந்துகின்றன. அந்த ஒரே சான்றை நான் மூன்று சாட்சிகளாக எண்ணிவிட்டேன். இருபதாயிரத்தில் ஒன்று என்பது முன்பின் தெரியாத இருவருக்கு. அண்ணன் தங்கைக்கு அது எப்படிப் பொருந்தும்?

நான் செய்த மாற்றம் இதுதான். போன் பொருந்தும் ஜோடிகளைத் தனிக் கூட்டமாகப் பிரித்தேன். அதிலிருந்து 200 ஜோடிகளை எடுத்து, நானும் அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பத்தில் ஏழு ஒரே ஆள், மூன்று வீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தொடக்கம் கடன் அல்ல, +1.2. ஆனால் அதற்குப் பிறகு பின்கோட்டுக்கும் இனிஷியலுக்கும் மதிப்பெண் இல்லை, வீட்டார் என்றாலும் அவை பொருந்தும். பெயர்தான் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஒரே ஆள் என்றால் பெயர் பொருந்தாமல் போவது நூற்றுக்கு 10, வீட்டார் என்றால் நூற்றுக்கு 98. அதற்கு -3.3. மிச்சம் -2.1, ஏறக்குறைய நூற்றுக்கு 19. இப்போது ஜெபசெல்வியை யாரும் அண்ணனோடு சேர்க்க மாட்டார்கள். அதே கூட்டத்தில் பெயரும் பொருந்தினால் +5.5 சேர்ந்து 6.7 ஆகும், நூறுக்கு ஒன்று என்ற உறுதி. அந்த மிச்சத்தில் மேல்கோட்டை வைத்தேன்.

பத்தில் ஏழு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் எண்ணை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கும் ஊருக்கும், ஆளுக்கொன்று கொடுக்கும் ஊருக்கும் அது மாறும். உங்கள் பட்டியலில் 200 ஜோடிகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை நான் முதலிலேயே செலவழித்திருந்தால் அந்தப் பெண்ணிடம் யாரும் விசிட் சார்ஜ் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டார் என்று தெரிந்ததையும் வீணாக்க வேண்டாம். ஆளுக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண் என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இது ரொம்பவே உதவும், ஏனென்றால் சீர்வரிசை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கட்டிலும் அப்பா பெயரில் பில் ஆகும், பொருள் போய் இறங்குவது மகளின் புகுந்த வீட்டில். பொருளின் சீரியல் நம்பர் பில்லிலும் சர்வீஸிலும் இருக்கிறதே, அதை வைத்தே ஆளைச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேர்த்தால் அப்பாவும் மகளும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். சீரியல் நம்பர் பொருந்தினால் பொருள் ஒன்று என்பது உறுதி, ஆள் ஒன்று என்பது உறுதியில்லை. பில் போட்டவர் இவர், பயன்படுத்துபவர் இவர் என்று இரண்டு தொடர்பாகப் பதிந்தால் வாரண்டியும் சரியாகக் கிடைக்கும், மகளின் பெயரும் அவருடையதாகவே இருக்கும்.

போன் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சேர்த்து முடித்தவுடன், ஒரே ஆளாக ஆனவர்களில் எத்தனை பதிவுகள் சேர்ந்திருக்கின்றன என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டு, மூன்று, நான்கு இருக்கலாம். ஒரே ஆளிடம் நாற்பது, ஐம்பது பதிவு என்று வந்தால் அது ஆள் இல்லை. எண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வாடிக்கையாளருக்கு, பில் முடிய வேண்டுமே என்று ஊழியர் கடையின் எண்ணையோ பத்து ஒன்பதுகளையோ தட்டியிருப்பார். A-யும் B-யும் ஒன்று, B-யும் C-யும் ஒன்று என்று சங்கிலியாக எல்லோரும் அந்த எண்ணில் மாட்டிக்கொள்வார்கள். ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பில் போடும் திரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. எங்கள் கடையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பழைய போலி எண்களைப் பட்டியலிட்டு, மேட்சிங்கிற்கு முன்பே அவற்றைக் காலியாக்கிவிட வேண்டும்.

ஒரே ஆள் என்று முடிவானதும் எந்தப் பெயர், எந்த முகவரி நிலைக்கும் என்ற கேள்வி வரும். கிடைக்கும் அந்த ஒரு நல்ல பதிவை கோல்டன் ரெக்கார்டு என்பார்கள். கடைசியாகத் திருத்தியது ஜெயிக்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைப்பது எளிது, ஆனால் தவறு. போன் எண்ணுக்குச் சமீபத்தில் கூப்பிட்டு எடுத்தது எதுவோ அது. முகவரிக்கு டெலிவரி வண்டி உண்மையில் போய்ச் சேர்ந்த முகவரி. பெயருக்கு வாடிக்கையாளர் தானே எழுதிக் கொடுத்த எழுத்து, `SEVIYAR` அல்ல `XAVIER`. விவரத்துக்கு விவரம் விதி வேறு.

எந்த நிலையிலும் பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். பில் சாஃப்ட்வேரின் வரி அங்கேயே இருக்கட்டும், சர்வீஸின் வரி அங்கேயே இருக்கட்டும். நடுவில் ஒரு சிறிய அட்டவணை போதும்.

```
master_id  system   source_id  score  merged_on   merged_by
M-00731    billing  B-10442    12.4   2024-06-11  auto
M-00731    service  S-02918    12.4   2024-06-11  auto
```

ஜெபசெல்வியைப் பிரிக்க வேண்டும் என்றால் சர்வீஸ் வரிக்குப் புது `master_id` கொடுத்தால் முடிந்தது. எங்களுக்கு அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் தடவை நான் சர்வீஸ் பதிவின் பெயரை அழித்து அண்ணனின் பெயரை மேலே எழுதியிருந்தேன். பழைய பேக்கப்பைத் தேடி எடுத்து, அந்த மாதம் சேர்ந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க இரண்டு வாரம் ஆனது. சேர்க்காமல் விட்டால் ஒரு ஆளுக்கு இரண்டு தீபாவளி எஸ்எம்எஸ் போகும். தவறாகச் சேர்த்தால் ஒருவரின் வாரண்டி இன்னொருவர் மேல் விழும். இரண்டும் ஒரே எடையுள்ள தவறு இல்லை என்பதால்தான் மேல்கோட்டை இவ்வளவு உயரத்தில் வைத்தேன். பிரித்தவர்களை மறுபடி கணக்கு சேர்த்துவிடாமல் இருக்க, `B-10442`, `S-02918` ஒரே ஆள் இல்லை என்று இன்னொரு சிறிய அட்டவணையில் குறித்து வைத்திருக்கிறோம்.

விசிட் சார்ஜைக் கடை திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் நானே போனில் பேசி மன்னிப்புக் கேட்டேன்.

நடுவில் விழுந்த ஜோடிகளை இப்போது அக்கா தினமும் காலையில் கூட்டம் வருவதற்கு முன் முப்பது முப்பதாகப் பார்க்கிறார். சேவியர் ஒரு செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் வந்தார். அக்கா 9082-க்குக் கூப்பிட்டு, 4417-உம் உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம், அது பழைய நம்பர், போன வருஷம் மகனுக்குக் கொடுத்தாச்சு என்றார் அவர். சேவியரின் இரண்டு பதிவும் ஒன்றாயின. 4417-ஐ அவர் பெயரிலிருந்து எடுக்காமல், எதுவரை அவருடையதாக இருந்தது என்ற தேதியை மட்டும் பக்கத்தில் போட்டோம். இரண்டு மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி ஒரு பையன் மிக்சி வாங்கினான். போன் பொருந்தியது, பெயர் பொருந்தவில்லை. திரையில் சேவியர் வரவில்லை, அதே வீட்டு எண்ணின் கீழ் ஒரு புது ஆள் வந்தார்.